“இதுக்கு என்ன சொல்லட்டும்?”: திருப்பூர்ப் பக்கம் ஒரு சனிக்கிழமை மாலை வந்த ஸ்கிரீன்ஷாட்

பின்னணி

கேட்டவர் அவிநாசிப் பக்கம் பனியன் தையல் ஜாப்வொர்க் நடத்தும் பெண். ஒன்பது பேர் வேலை செய்யும் சின்ன யூனிட். கம்பெனியிலிருந்து கட்டிங் பீஸ் வரும். தைத்து, எத்தனை பீஸ் போகிறது என்று குறிக்கும் டெலிவரி சலான், அதாவது டிசி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜரோடு மூன்று வருடப் பழக்கம். இவர் அவரை “அண்ணா” என்பார், அவர் இவரை “அம்மணி” என்பார். பேச்சு, கணக்கு எல்லாமே ஒரே வாட்ஸ்அப் எண்ணில்தான் நடந்துவந்தது.

பதில் சொன்னவர் கேட்டவருக்கு ஒன்றுவிட்ட அக்கா. ஒரு நூல் மில் அலுவலகத்தில் பார்ட்டிகளுக்கான கடிதப் போக்குவரத்தைப் பார்ப்பவர். சொந்தத்தில் யாருக்காவது ஒரு மெசேஜுக்குப் பதில் எழுதத் தயக்கமாக இருந்தால் இவரிடம்தான் படம் வரும்.

இருவரின் சம்மதத்தோடு இதைப் பதிவு செய்கிறோம். உரையாடலில் ஆங்கில எழுத்தில் அடித்திருந்த தமிழை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறோம்.

வந்த படம்

சனிக்கிழமை மாலை 6:38. திருப்பூரில் அது வாரச் சம்பள நேரம். படத்தில் நான்கு மெசேஜ்கள் மட்டும் இருந்தன. மேலே இருக்கும் பெயரும் தேதியும் தெரியாதபடி வெட்டப்பட்டிருந்தது.

கேட்டவர், 4:12: “அண்ணா பேமெண்ட் இன்னைக்குக் கிடைக்குங்களா. லேபர் எல்லாம் வெயிட் பண்றாங்க”

எதிர்ப்பக்கம், 5:47: “மேடம். பீஸ் கணக்கு வரல. டிசி பாத்துட்டு சொல்றேன்.”

கேட்டவர், 5:49: “எல்லாமே குடுத்தாச்சுங்கண்ணா”

எதிர்ப்பக்கம், 6:31: “சரி. பாக்கலாம்.”

படத்துக்குக் கீழே கேட்டவர் எழுதியிருந்தது: “அக்கா, பேமெண்ட்டை நிறுத்தப் பாக்கறாங்க. திடீர்னு மேடம்ங்கறார். முக்கா மணி நேரம் கழிச்சுப் பாக்கலாம்ங்கறார். இதுக்கு என்ன சொல்லட்டும்? நாக்கைப் புடுங்கற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.”

முதல் வாசிப்பும் முதல் பிழையும்

அக்கா படத்தைப் படிக்கும் முன் அதன் கீழிருந்த வரிகளைப் படித்துவிட்டார். இந்த நிகழ்வில் நடந்த பிழைகளுக்கெல்லாம் தொடக்கம் அதுதான். “நிறுத்தப் பாக்கறாங்க” என்று படித்த கண்ணோடு மேலே போனால் “சரி. பாக்கலாம்.” மிரட்டலாகத்தான் தெரியும். “அம்மணி” “மேடம்” ஆனது, “ங்க” காணாமல் போனது, இடையில் 42 நிமிட மௌனம், மூன்றும் சேர்ந்து மனவருத்தம் என்றே தோன்றின. கொங்கு நாட்டில் வயதில் சின்னவரிடமும் “ங்க” போட்டுப் பேசுவது வழக்கம். அது இல்லாத “சரி” காதில் வெட்டென்று விழும். அதனால் அக்காவின் ஊகத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. நான்கு மெசேஜை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனதுதான் தவறு.

6:44க்கு அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: “அண்ணா, எங்க மேல ஏதாவது வருத்தமுங்களா? மனசுல வெச்சுக்காம சொல்லிருங்க.” கேட்டவர் அதை 6:46க்கு அனுப்பினார். அனுப்பியபின் கெஞ்சுவதுபோல் இருக்கிறதே என்று தோன்ற, 6:52க்கு எல்லோருக்கும் அழிந்துபோகும்படி நீக்கினார்.

இப்படி அழித்தால் வாசகம்தான் போகும். மெசேஜ் நீக்கப்பட்டது என்ற வரி இரண்டு பக்கமும் நிற்கும். என்ன எழுதி ஏன் எடுத்தார்கள் என்ற கேள்வி எதிர்ப்பக்கத்தில் எழும், அதுவும் கணக்கு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில். அனுப்பி 15 நிமிடத்துக்குள் என்றால் வாட்ஸ்அப்பில் அதே மெசேஜைத் திருத்தலாம். திருத்தியதற்கான குறி தெரியும், ஆனால் அந்த இடத்தில் படிக்க ஒரு வாசகம் இருக்கும். ஆறு நிமிடமே ஆகியிருந்ததால் இங்கே திருத்தியே இருக்கலாம்.

முழுப் படம்

6:53க்கு அக்கா நிறுத்தினார். “கண்ணு, வெட்டாம அனுப்பு. வியாழக்கெழமைல இருந்து இப்ப வரைக்கும். நம்பரையும் ரேட்டையும் வேணும்னா மறைச்சுக்க, நேரத்தையும் தேதியையும் மறைக்காதே.” அடுத்தவர் உரையாடலை மூன்றாமவருக்கு அனுப்பும்போது எண்ணை மறைப்பது நல்ல பழக்கம். ஆனால் பலர் மறைக்கப்போய் தொனியைப் படிக்க உதவும் இடங்களையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். மெசேஜ்களுக்கு நடுவே வரும் தேதி, எடுக்காத போன் அழைப்பு, எந்த மெசேஜைச் சுட்டிப் பதில் வந்தது என்பதெல்லாம் அப்படிப் போய்விடும்.

7:02க்கு நான்கு படங்கள் வந்தன. முதல் படத்தில் இல்லாத மூன்று விஷயங்கள் அவற்றில் இருந்தன.

முதலாவது, வியாழக்கிழமை மேனேஜரிடமிருந்து வந்த 26 விநாடிக் குரல் பதிவு. படத்தில் அது ஒரு கோடாகவும் ஒரு நேரமாகவும்தான் தெரியும். எத்தனை படம் எடுத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதை முழுசாகக் கேட்டுச் சொல்லும்படி அக்கா சொன்னார். மிஷின் சத்தத்தில் பாதியில் விட்ட பதிவு அது. கடைசி விநாடிகளில் இருந்தது இதுதான்: “இனிமே பில்லு பேமெண்டெல்லாம் ஆபீஸ்ல புள்ளையே பாத்துக்குமுங்க அம்மணி, இதே நம்பர்தான்.”

“மேடம்” எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே விடை. அதன்பின் பழைய மெசேஜ்களைப் பார்த்தபோது வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது. மேனேஜர் அதிகமும் குரல் பதிவுதான் அனுப்புவார். எழுதினால் ஆங்கில எழுத்தில், புள்ளி ஏதும் வைக்காமல், “சரிங் அம்மணி” என்று முடிப்பார். சனிக்கிழமை வந்தவை தமிழ் எழுத்தில், வாக்கியத்துக்கு வாக்கியம் புள்ளி வைத்து வந்தவை. ஒரே எண்ணின் வாட்ஸ்அப்பை அலுவலகக் கணினியிலும் திறந்து வைக்கலாம். எந்தக் கை அடித்தது என்று எதிர்ப்பக்கம் எந்தக் குறியும் காட்டாது. எழுத்து, நிறுத்தக்குறி, விளிக்கும் சொல் ஆகிய மூன்றும் ஒரே நாளில் மாறியிருந்தால், மனம் மாறியதா என்று கேட்குமுன் ஆள் மாறியதா என்று கேட்க வேண்டும்.

“ங்க” இல்லாததையும் இதோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். பேச்சில் “ங்க” தானாக வரும், எழுத்தில் பலர் விட்டுவிடுவார்கள். ஒருவர் இதுவரை எழுதியதில் அது எப்போதும் இருந்து இன்று மட்டும் இல்லை என்றால் அது செய்தி. முன்பின் படித்திராத ஒருவர் எழுத்தில் அது இல்லாவிட்டால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

இரண்டாவது, சனிக்கிழமை மதியம் 1:05க்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து எடுக்கப்படாத அழைப்பு. பேமெண்ட்டை நிறுத்த நினைப்பவர்கள் தாமே கூப்பிட்டுப் பேச முயல்வது அரிது. கேட்டவர் திரும்ப அழைக்காமல் மூன்று மணி நேரம் கழித்துப் பணம் கேட்டிருக்கிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால், போனை எடுக்காதவர் பணம் மட்டும் கேட்கிறார்.

மூன்றாவது, வெள்ளிக்கிழமை மாலை கேட்டவர் அனுப்பிய பில்லின் படம். அதில் எண்ணிக்கை 2,400 என்று இருந்தது. இதற்குப் பின்னால் வருவோம்.

42 நிமிட மௌனம்

கேட்டவரை மிகவும் உறுத்தியது இந்த இடைவெளிதான். படத்தில் 5:49 மெசேஜுக்கு நீல டிக் இருந்தது. ஆனால் நீல டிக் படித்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லும், எப்போது படித்தார்கள் என்று சொல்லாது. அதற்கு நாம் அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறக்க வேண்டும். சென்று சேர்ந்த நேரமும் படித்த நேரமும் தனித்தனியாக இருக்கும். எதிரில் இருப்பவர் நீல டிக் வசதியை நிறுத்தியிருந்தால் படித்த நேரம் கிடைக்காது.

இங்கே கிடைத்தது. படித்த நேரம் 6:30. பதில் 6:31. அதாவது படித்த கையோடு பதில் போட்டிருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் படித்துவிட்டு மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டவர் நினைத்தது நடக்கவே இல்லை.

“கணக்கு வரல”

சிக்கலின் மையம் இந்த இரண்டு சொற்கள். “கணக்கு வரல” என்றால் கணக்கு கைக்கு வந்து சேரவில்லை என்று பொருள் கொள்ளலாம். கூட்டிப் பார்த்தால் ஒத்து வரவில்லை, கணக்கு இடிக்கிறது என்றும் கொள்ளலாம். பேச்சில் இழுத்துச் சொல்லும் விதத்திலேயே எது என்று தெரிந்துவிடும். எழுத்தில் அந்த இழுப்பு இல்லை.

கேட்டவர் முதல் பொருளை எடுத்தார். அதனால் “எல்லாமே குடுத்தாச்சுங்கண்ணா” என்றார். அவர் நினைத்த அர்த்தத்தில் அது சரியான, மரியாதையான பதில். எதிர்ப்பக்கம் எழுதியது இரண்டாவது பொருளில். எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்று சொன்னவரிடம் “எல்லாமே குடுத்தாச்சு” என்றால், எங்கள் பக்கம் குறையே இல்லை, உங்கள் எண்ணிக்கைதான் தப்பு என்று ஆகிவிடுகிறது. அதற்கு வந்த பதில்தான் “சரி. பாக்கலாம்.”

இந்தப் “பாக்கலாம்” தமிழில் பெரும்பாலும் இல்லை என்பதற்கான நாசூக்கான சொல். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் “பாக்கலாமுங்க” என்றால் யாரும் பந்தல் போட மாட்டார்கள். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. முந்தைய வாக்கியத்தில் அதே வினை எதைக் குறித்து வந்தது என்று பார்க்க வேண்டும். 5:47இல் “டிசி பாத்துட்டு சொல்றேன்” என்று இருந்தது. பார்க்க வேண்டிய பொருள் அங்கே சொல்லப்பட்டுவிட்டது. ஆகவே 6:31இல் வந்த “பாக்கலாம்” அதே டிசியைப் பார்க்கலாம் என்று சொல்வதற்கே அதிக வாய்ப்பு. பார்க்க எதுவும் சொல்லப்படாமல் தனியாக வந்திருந்தால் கேட்டவரின் பயம் நியாயமாக இருந்திருக்கும்.

இவ்வளவும் வாசிப்புதான், உறுதி அல்ல. அதைச் சரிபார்க்க ஒரு வழி கேட்டவரின் கையிலேயே இருந்தது. டிசி புத்தகத்தை எடுத்துக் கூட்டச் சொன்னார் அக்கா. மூன்று டிசி: 960, 840, 546. மொத்தம் 2,346. பில் போட்ட பையன் வந்த கட்டிங் எண்ணிக்கையைப் பார்த்து 2,400 என்று எழுதிவிட்டான். இடையே 54 பீஸ். அதில் 41 கட்டிங்கிலேயே ஓட்டையும் கறையுமாக வந்து ஒரு மூட்டையில் ஒதுக்கி வைத்தவை. 13 ஆல்ட்ரேஷனுக்குப் பிரித்துப் போட்டவை. ஆக கணக்கு உண்மையிலேயே வரவில்லை.

எழுதிய பதிலும் அதன் காரணங்களும்

பதில் எழுதுமுன் அக்கா கேட்ட ஒரே கேள்வி: “இன்னைக்கு ராத்திரிக்குள்ள உனக்கு என்ன நடக்கோணும்?” கேட்டவர் சொன்னது: “சம்பளத்துக்கு 27,000 வேணுங்க அக்கா.” நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பதற்கு அங்கே வேலையே இல்லை என்பது அப்போது இருவருக்கும் தெரிந்துவிட்டது. இந்தக் கேள்வியை 6:38க்கே கேட்டிருக்க வேண்டும்.

7:20க்கு போன மெசேஜ்:

“வணக்கமுங்க. டிசி மூணும் சேத்தி 960 + 840 + 546 = 2,346 பீஸ் குடுத்திருக்கறமுங்க. பில்லுல 2,400ன்னு போட்டது எங்க தப்புங்க. மீதி 54ல 41 கட்டிங் டேமேஜ், 13 ஆல்ட்ரேஷன், ரெண்டும் எங்ககிட்டயே இருக்குதுங்க. திங்கக்கெழமை தனி டிசி போட்டு அனுப்பிடறமுங்க. 2,346க்கு இன்னைக்கு பேமெண்ட் போட முடியுங்களா?”

கூடவே மூன்று டிசிகளின் படம்.

“அண்ணா” என்று தொடங்காமல் “வணக்கமுங்க” என்று தொடங்கியது, படிப்பவர் மேனேஜரா அலுவலகப் பெண்ணா என்பது தெரியாததால். யார் படித்தாலும் பொருந்த வேண்டும்.

கணக்கு வரவில்லை என்று எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. சனிக்கிழமை மாலை ஒரு கேள்வியை அனுப்பினால் இன்னொரு 42 நிமிடம் போகலாம். டிசி படமும் கூட்டுத்தொகையும் சேர்ந்தே போனதால் இரண்டு அர்த்தத்துக்கும் ஒரே மெசேஜ் பதிலானது. டிசி கைக்கு வரவில்லை என்றால் இதோ படம், கணக்கு ஒத்துவரவில்லை என்றால் இதோ எண். இரட்டைப் பொருள் உள்ள வரிக்கு இரண்டுக்கும் பொருந்தும் பதில் கையில் இருந்தால், விளக்கம் கேட்பதைவிட அதை அனுப்புவதே வேகம்.

54 பீஸ் தங்களிடம் இருப்பதைத் தெளிவாக எழுதியது மிக முக்கியம். பில்லில் வித்தியாசமான தொகை பீஸுக்கு 16 ரூபாய் வீதம் 864 ரூபாய்தான். ஆனால் 54 பீஸ் ஷார்ட்டேஜ் என்று எழுதப்பட்டால் கூலியோடு நிற்காது, துணி விலையும் பிடிப்பார்கள்.

மூன்று வருடப் பழக்கத்தையோ லேபர் காத்திருப்பதையோ இதில் எழுதவில்லை. பழக்கத்தைச் சொல்லிக் கேட்டால், கணக்கு சரியில்லாததால்தான் பழக்கத்தைச் சொல்கிறார்கள் என்று புதிதாக வந்தவருக்குத் தோன்றலாம்.

மெசேஜ் போன மூன்றாவது நிமிடம் போன் செய்யும்படி அக்கா சொன்னார். முதலில் போன் செய்தால் எதிரில் இருப்பவர் எண்களைக் காதால் கேட்டுக் குறிக்க வேண்டும். மெசேஜ் முன்னால் போய்விட்டால் கண்ணெதிரே எண் இருக்கும், பேச்சு சுருக்கமாக முடியும்.

நடந்தது

போனை எடுத்தது அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பெண். முதலில் அவர் கேட்டதே இதுதான்: “அக்கா, என்னமோ அனுப்பிட்டு அழிச்சீங்களே, வேற பில்லு ஏதாவது இருக்குதுங்களா?” அழித்த மெசேஜ் அந்தப் பக்கம் என்ன எண்ணத்தை உண்டாக்கியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. தப்பாக அனுப்பியதை எடுத்தேன் என்று சொல்லிச் சமாளிக்க இரண்டு நிமிடம் போனது.

பிறகு வேலை சுலபமாக முடிந்தது. பில்லும் டிசியும் ஒத்துவராததால்தான் மதியமே போன் செய்ததாகவும், கணக்கு டேலி ஆகவில்லை என்பதைத்தான் அப்படி எழுதியதாகவும் அந்தப் பெண் சொன்னார். “எல்லாமே குடுத்தாச்சு” என்று வந்ததும் திங்கட்கிழமை டிசியை வைத்துக்கொண்டு மேனேஜரோடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார். “மேடம்” என்றது முன்பின் பேசியிராத ஆளுக்கான மரியாதை.

2,346 பீஸுக்கு 37,536 ரூபாய். அன்று இரவு 7:50க்கு 30,000 வந்தது. மீதி 7,536, மேனேஜர் ஒப்புதலுக்குப் பின் என்றார்கள். திங்கட்கிழமை 54 பீஸும் டிசியோடு போயின. 41 பீஸ் கட்டிங் டேமேஜ் என்று ஒப்புக்கொள்ளப்பட்டு, துணி விலை பிடிக்கப்படவில்லை. மீதித் தொகை புதன்கிழமை வந்தது. தைத்துக் கொடுத்த 13 பீஸின் கூலி அடுத்த பில்லில் சேர்ந்தது.

மேனேஜரிடம் இந்த மாலையைப் பற்றி யாரும் பேசவில்லை. வருத்தமா என்று கேட்ட அந்த வரி அழியாமல் அங்கே நின்றிருந்தால் அலுவலகப் பெண் அதை அவரிடம் காட்டியிருப்பார், இல்லாத வருத்தத்துக்கு விளக்கம் கேட்டு அவர் கூப்பிட்டிருப்பார். அந்த வகையில் அழித்தது ஒரு சங்கடத்தைத் தவிர்த்தது என்றும் சொல்லலாம். இருந்தாலும் அனுப்பாமல் இருந்திருந்தால் இரண்டுமே இல்லை.

இனி மாற்றியவை

அக்கா இப்போது படம் வந்தால் கீழே எழுதியிருப்பதை மறைத்துக்கொண்டு படத்தை முதலில் படிக்கிறார். தமக்கு என்ன புரிந்தது என்று ஒரு வரியில் குறித்துவிட்டுத்தான் அனுப்பியவர் எழுதியதைப் பார்க்கிறார். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கேள்வி கேட்கிறார்.

கடைசி மெசேஜுக்கு முந்தைய மூன்று நாள் உரையாடல், எடுக்காத அழைப்புகள், குரல் பதிவில் சொன்னது, இன்றைக்குள் நடக்க வேண்டியது, இந்த நான்கும் கைக்கு வராமல் வரி எழுதிக் கொடுப்பதில்லை. அவசரம் என்றால் இடைக்காலத்துக்கு “பாத்துட்டு அரை மணி நேரத்துல சொல்றேனுங்க” என்று ஒரு வரி போடச் சொல்கிறார். அதை அழிக்க வேண்டிய தேவை யாருக்கும் வராது.

அக்கா இன்னும் தீர்மானிக்காத ஒன்று உண்டு. சிலர் மூன்று நாள் உரையாடலைக் காட்டத் தயங்குகிறார்கள், குறிப்பாக வீட்டு விஷயங்களில். அப்போது இருக்கும் நான்கு வரியை வைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் இரண்டு வாசிப்பையும் எழுதிக் கொடுத்து, எது பொருந்தும் என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறார். சிலருக்கு அது போதவில்லை, ஒரே வரியாகக் கேட்டு மறுபடி எழுதுகிறார்கள்.

கேட்டவர் தன் பக்கம் செய்த மாற்றம் சிறியது. பில் எழுதுமுன் டிசி கூட்டுத்தொகை பில்லின் மேலேயே பென்சிலால் எழுதப்படுகிறது. “கணக்கு வரல” என்று யார் அனுப்பினாலும் அவர் இப்போது மெசேஜில் பதில் சொல்வதில்லை, டிசி புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போன் செய்கிறார்.